தனிமை என்ற சொல் குதிரைக்கு மட்டும்தான்

கேள்வி: நகரக் கவிதையில் கூட்டம், பஸ், வாடகை ரூம் என்று வந்தாலே ‘தனிமையின் குறியீடு’ என்று எழுதிவிட்டால் போதுமா? நான் நீலகிரிக்காரி, பெரிய ஊரில் இருந்ததே இல்லை. எப்படிப் படிப்பது?

மார்க்குக்குப் போதும். நானும் அப்படி எழுதித்தான் பாஸ் ஆனேன். பரீட்சையைத் தாண்டி ஏதோ உறுத்துவதால்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்குப் பாடமாக வந்தது டி.எஸ். எலியட்டின் ‘பிரிலூட்ஸ்’ என்ற ஆங்கிலக் கவிதை. தமிழில் நகரக் கவிதையே இல்லையா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் முட்டிக்கொண்டது இதில்தான், அதனால் இதைத்தான் பேச முடியும். எலியட் மாணவராக இருந்த காலத்தில் எழுத ஆரம்பித்தது, 1915-ல் அச்சில் வந்தது. நான்கு சின்னப் பகுதிகள். மழை பெய்யும் ஒரு மாலை ஆறு மணி, மறுநாள் காலை, தூக்கம் வராமல் விடியலைப் பார்க்கும் ஒரு பெண், மறுபடி மாலைத் தெரு. கதை என்று பார்த்தால் அவ்வளவுதான்.

கோத்தகிரிக்குக் கீழே எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன் நான். வகுப்பில் நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம்: கூட்டம் என்றால் அந்நியம், அறை என்றால் சிறை. எங்கள் ஊர் பஸ்ஸில் நான் எங்கே இறங்குவேன் என்று கண்டக்டருக்குத் தெரியும். இறங்கவில்லை என்றால் “ஏம்ப்பா, இன்னிக்கு எங்க?” என்று கேட்பார். பஸ்ஸில் என்ன அந்நியம் என்று அப்போது எனக்குப் புரியவே இல்லை.

அப்புறம் வேலைக்குச் சென்னை போனேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், மூன்று பேர் ரூம். இரும்புக் கட்டில், ஒரு மேசை, சுவரில் எனக்கு முன்னால் இருந்தவன் அடித்த ஆணி. முதல் வாரம் கூட்டமான பஸ்ஸில் கண்டக்டர் பின்னால் உட்கார்ந்தே இருந்தார், நகர முடியவில்லை. பக்கத்தில் நின்றவர் என் கையிலிருந்த பத்து ரூபாயை வாங்கிப் பின்னால் கொடுத்தார். அது நாலைந்து கை மாறிப் போனது. கொஞ்ச நேரத்தில் டிக்கெட்டும் பாக்கிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வந்தன. ஒரு பைசா குறையவில்லை. ஆனால் கடைசியில் என்னிடம் நீண்ட கை யாருடையது என்று நான் பார்க்கவில்லை. மோதிரம் போட்ட ஒரு கை, அவ்வளவுதான் தெரியும்.

அன்று ராத்திரி ரூமில் அந்தக் கவிதை ஞாபகம் வந்தது. அதில் முழு ஆள் யாருமே இல்லையே என்று தோன்றியது. பழைய புத்தகத்தைத் தேடி எடுத்துப் பென்சிலால் கோடு போட்டேன். நீங்களும் இதை ஒரு தடவை செய்து பாருங்கள். பாதம் நான்கு பகுதியிலும் வருகிறது. முதலில் காய்ந்த இலை வந்து சுற்றிக்கொள்ளும் ‘உன்’ பாதம். இரண்டாவதில் காப்பிக் கடைக்கு விரையும் சேற்றுப் பாதங்கள். மூன்றாவதில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பெண் கையால் பிடித்துக்கொள்ளும் மஞ்சளித்த உள்ளங்கால். நான்காவதில் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் மிதித்துக்கொண்டு போகும் கால்கள். கை வருகிறது, பைப்பில் புகையிலை திணிக்கும் குட்டையான விரல்கள் வருகின்றன, கண்கள் வருகின்றன. ஒரு முகம் இல்லை, ஒரு பெயர் இல்லை.

‘தனிமை’ என்ற சொல்லையும் தேடினேன். மொத்தக் கவிதையிலும் ஒரே ஒரு இடம். அதுவும் மனிதருக்கு இல்லை, தெருமுனையில் மழையில் ஆவி பறக்க நின்று காலை உதைக்கும் வண்டிக் குதிரைக்கு. நின்று கவனித்துத் தனியாக இருக்கிறது என்று சொல்ல அந்தத் தெருவில் அது ஒன்றுதான் முழுசாக இருக்கிறது. மனிதர்கள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறார்கள். இதை ‘குறியீடு’ என்று எழுதினால் குதிரை காணாமல் போய்விடும்.

ரூம் விஷயமும் அப்படித்தான். எலியட் வெறும் வாடகை அறை என்று சொல்லவில்லை, சாமான்களோடு விடப்படும் அறை என்கிறார். கட்டில், நாற்காலி, திரை எல்லாம் வீட்டுக்காரனுடையது. குடியிருப்பவனுக்குச் சொந்தம் பெட்டியும் உடம்பும்தான். அப்படி ஆயிரம் அறைகளில் ஒரே காலையில் ஆயிரம் கைகள் அழுக்குத் திரையை மேலே இழுக்கின்றன. பூட்டிக்கொண்டு அழுபவர் யாரும் இல்லை. எல்லாரும் ஒரே காரியத்தை ஒரே நேரத்தில் செய்கிறார்கள், ஒருவருக்கு இன்னொருவர் செய்வது தெரியாது. எங்கள் மேன்ஷனில் காலை ஆறரைக்கு வரிசையாகப் பக்கெட் நிரம்பும் சத்தம் கேட்கும். எட்டாம் நம்பர் ரூம்காரர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது, அவர் தொண்டையைச் செருமும் விதம் தெரியும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். இப்போது குன்னூரில் வேலை. போன ஏப்ரலில் வீட்டுக்காரர் என்னைக் காலி செய்யச் சொன்னார். சீசனில் அதே ரூமை நாள் வாடகைக்கு விட்டால் என் ஒரு மாத வாடகை ஒரு வாரத்தில் வந்துவிடுமாம். புதுக் கட்டில், புதுத் திரை எல்லாம் போட்டுவிட்டார். “மலையில இருக்கீங்க, நிம்மதி” என்று சொல்பவர்கள் எனக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

சரி, கவிதையின் முடிவுக்கு வருகிறேன், எனக்குச் சூடு பட்ட இடம் அது. கடைசிக்கு முன்னால், அதுவரை ஒளிந்திருந்த ‘நான்’ திடீரென்று பேசுகிறது: அளவில்லாமல் மென்மையான, அளவில்லாமல் வேதனைப்படும் ஏதோ ஒன்று என்ற எண்ணம், இந்தக் காட்சிகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, என்னைத் தொடுகிறது என்று. உடனே அடுத்த வரியில் வாயைக் கையால் துடைத்துக்கொண்டு சிரி என்கிறார். உலகங்கள், காலி மனைகளில் விறகு பொறுக்கும் கிழவிகளைப் போலச் சுழல்கின்றன. முடிந்தது.

காலி மனை என்பதை நான் கண்டுகொள்ளவே இல்லை. விறகு, கிழவி என்றதும் எனக்கு வந்தது எங்கள் அம்மாயிதான். தேயிலைக் கவாத்து முடிந்ததும் வெட்டிப் போட்ட குச்சிகளைப் பொறுக்க ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து போவார்கள். வழி நெடுக மருமகள் கதையும் சிரிப்பும்தான். அதனால் பரீட்சையில் ‘கவிதை நம்பிக்கையோடு முடிகிறது’ என்று எழுதினேன். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் ‘தவறு’. ஏன் தவறு என்று கேட்டதற்கு “நோட்ஸைப் பார்” என்றார் ஆசிரியர்.

சென்னையிலிருந்து ஒரு பொங்கலுக்கு வந்தபோது அந்த முடிவை அம்மாயிக்குத் தமிழில் சொன்னேன். அடுப்பில் குச்சியைத் தள்ளிக்கொண்டே கேட்டது.

“காலி எடத்துலயா? அங்க என்ன வெறகு கெடைக்கும்?”

“ஏதோ சுள்ளி, பலகைத் துண்டு.”

“ஆளுக்கொரு பக்கமா சுத்துறாளுகளா, சேந்தா?”

கவிதையில் அது இல்லை என்றேன்.

“தனியாத்தான் இருக்கும். சேந்து போனா அந்தக் காலி எடத்தையே சுத்த மாட்டாளுக, காட்டுக்குப் போவாளுக.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, கட்டு கட்டினதும் தலைக்கு ஏத்தி விடறது யாரு?” என்றது.