யார் பக்கம் சாய்கிறீர்கள்?

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட மென்பொருள் டீமுக்கு நான் மேனேஜர். புரோகிராமர் ஒருவரும் டெஸ்டர் ஒருவரும் ஒன்றரை வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு நகல் போட்ட மெயிலில்தான் சண்டை. புரோகிராமர் என் பழைய டீமில் இருந்தவர் என்பதால், நான் வாய் திறந்தாலே ஒருதலைப்பட்சம் என்கிறார்கள். எப்படித் தலையிடுவது?

பதில்: முதலில் அந்த நகல்களுக்குப் பதில் போடுவதை நிறுத்துங்கள். ஒன்றுக்குப் பதில் எழுதி இன்னொன்றை விட்டால், அதுவே தீர்ப்பாகிவிடும். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று இருவருக்கும் ஒரே வாசகத்தில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஒரே நாளில் இருவரையும் தனித்தனியாக, ஆளுக்கு 45 நிமிடம் சந்தியுங்கள். டெஸ்டரிடம் பழைய பழக்கத்தை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: "அவரோடு முன்பே வேலை பார்த்திருக்கிறேன். நான் சாய்வதாகத் தோன்றினால் அங்கேயே சொல்லுங்கள்." நடுநிலையை நிரூபிக்கிறேன் என்று பழைய ஆளிடம் கூடுதலாகக் கறார் காட்டும் மேனேஜர்கள் உண்டு. கடைசியில் இருவருமே அவரை நம்ப மாட்டார்கள்.

இருவரிடமும் ஒரே கேள்விகள்தான். கடைசியாக எப்போது, என்ன நடந்தது? அதனால் உங்கள் வேலை எங்கே நின்றது? அவர் நாளை முதல் எதை மாற்றிச் செய்ய வேண்டும்? "அவருக்குத் திமிர்" என்று சொன்னால், எந்த நாளில் என்ன செய்தார் என்று கேளுங்கள். "ஆமாம், அவர் அப்படித்தான்" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள், அது மாலைக்குள் மற்றவர் காதுக்குப் போய்விடும். கிளம்பும்போது, இதில் எதை அவரிடம் சொல்லலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு கதைகளும் பெரும்பாலும் வேலை கைமாறும் இடத்தில் வந்து முட்டும். வெள்ளிக்கிழமை ரிலீஸுக்கு வியாழன் மாலைதான் புரோகிராமர் எழுதிய கோடு டெஸ்டரிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் டெஸ்டர் பிழைகளைப் பொது குரூப்பில் போடுகிறார். எல்லோர் முன்பும் மானம் போனதாகப் புரோகிராமர் கொதிக்கிறார். அவருக்கோ தேவைப் பட்டியலே செவ்வாய்தான் கிடைத்திருக்கும். அந்தத் தாமதம் உங்கள் மேஜையிலிருந்து கிளம்பியதாகவும் இருக்கலாம்! அப்படியானால் அதை முதலில் நீங்கள் சரிசெய்யுங்கள்.

பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். பழைய கணக்கு வேண்டாம், மன்னிப்பும் கேட்கச் சொல்ல வேண்டாம். கைமாறும் முறை மட்டும்தான் பேச்சு. கோடு புதன் மதியத்துக்குள் வர வேண்டும், தாமதமானால் காலையிலேயே தகவல். பெரிய பிழை என்றால் முதலில் ஒரு போன், பிறகு பிழைப் பட்டியலில் பதிவு, குரூப்பில் வேண்டாம். இதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி இருவருக்கும் அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி தனித்தனியாகக் கேளுங்கள்.

அதன் பிறகும் ஒருவர் மீறினால் "இருவரும் ஒத்துப்போங்கள்" என்று பழியைப் பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். மீறியவரிடம் மட்டும், தேதியோடு, தனியாகச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டதை வைத்துப் பேசும்போது அது சார்பு ஆகாது.

தனிச் சந்திப்பில் மிரட்டல், பாலியல் சீண்டல் போன்ற புகார் வந்தால் மட்டும் இந்த வழி கூடாது. இருவரையும் ஒன்றாக உட்கார வைக்காமல், அன்றே எச்.ஆரிடம் முறைப்படி கொடுத்துவிடுங்கள்.