விரல் நுனிப் புண் ஏன் ஆறமாட்டேன் என்கிறது?

கேள்வி: எனக்கு 43 வயது. வீட்டிலேயே தோசை மாவு அரைத்து விற்கிறேன். மூன்று வருடமாக ஃப்ரிட்ஜுக்குள் கை வைத்தால் விரல்கள் வெளுத்து, நீலமாகி, மரத்துப்போகின்றன. ஒரு வருடமாக விரல் தோல் இறுகிப் பளபளவென்று ஆகிவிட்டது. மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. ஸ்க்ளீரோடெர்மா என்று டாக்டர் சொன்னார். இப்போது வலது ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் மிளகளவு புண். தினமும் ஸ்பிரிட் வைத்துத் துடைத்து மஞ்சள் பற்றுப் போடுகிறேன். ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. ராத்திரியில் வலி உயிர் போகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த மோதிரம். நாளைக்கே ஒரு பொற்கொல்லரிடமோ மருத்துவமனையிலோ அதை வெட்டி எடுத்துவிடுங்கள். சோப்பு, எண்ணெய் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டாம். இறுகிய தோல் அதிலேயே கிழிந்துவிடும். ரத்தம் குறைவாக வரும் விரலில் அது ஒரு சுருக்குக் கயிறு மாதிரி.

உங்கள் புண் அழுக்கினால் வந்ததில்லை, ரத்தம் போதாமல் வந்தது. ஸ்க்ளீரோடெர்மாவில் தோல் மட்டும் தடிப்பதில்லை; விரலுக்குப் போகும் சிறிய ரத்தக்குழாய்களின் உட்சுவரும் தடித்துக் குறுகிவிடுகிறது. குளிர் பட்டதும் அந்தக் குறுகிய குழாயும் சேர்த்து மூடிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் வெளுப்பும் நீலமும் அதுதான். எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பது விரல் நுனி என்பதால் பட்டினி முதலில் அதற்கு. விரல் மடிப்பு மூட்டின் மேல் புண் வந்திருந்தால் இறுகிய தோல் இழுபட்டு வெடித்தது என்று சொல்லியிருப்பேன். வெள்ளையாகச் சுண்ணாம்பு போல ஏதாவது கசிந்தால் உள்ளே சுண்ணாம்புக் கட்டி இருக்கலாம். அதைப் பிதுக்கக் கூடாது. நுனியில் வலியோடு வரும் புண் பெரும்பாலும் ரத்த ஓட்டக் குறைவினால்தான்.

ஆகவே ஸ்பிரிட்டை இன்றோடு நிறுத்துங்கள். மெல்ல மெல்ல முளைக்கும் புதுத் தோலை அது ஒவ்வொரு நாளும் எரித்துவிடுகிறது. மஞ்சள் பற்றும் வேண்டாம். காய்ந்ததும் அது ஓடு போல ஒட்டிக்கொள்ளும், அதை உரிக்கும்போது ஆறிய தோலும் கூடவே வந்துவிடும். அடியில் சீழ் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

கழுவ, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் பாட்டில் போதும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்திருந்து பயன்படுத்துங்கள். புண் மேல் மெதுவாக ஊற்றி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். வாஸலின் தடவிய ஒட்டாத வலைத்துணி ஒரு துண்டு, அதன் மேல் மெல்லிய பஞ்சுத் துணி. அடுத்ததுதான் பலரும் தவறு செய்யும் இடம்: பிளாஸ்டரை விரலைச் சுற்றி ஒட்டக் கூடாது. விரலின் நீளவாக்கில், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்படி ஒட்ட வேண்டும். என்னிடம் வந்த பூக்கட்டும் அம்மா ஒருவர், நாரால் அறுபடாமல் இருக்கட்டும் என்று மூன்று விரலிலும் இறுகச் சுற்றி ஒட்டியிருந்தார். பிரித்தபோது பிளாஸ்டரின் கீழே விரல் நீலம் பாய்ந்திருந்தது. கட்டைத் தளர்த்தி, ஐஸ் பெட்டியிலிருந்து பூ எடுக்கும் வேலையை மகளிடம் விட்டு, மாத்திரையும் ஆரம்பித்த பிறகும் அந்தப் புண்கள் ஆற மூன்று மாதமாயிற்று.

புண் மேல் கறுப்பாக, காய்ந்து கெட்டியான பொருக்கு இருந்தால் அதை ஊறவைக்கவோ பெயர்க்கவோ வேண்டாம். உலர்வாகவே மூடி வையுங்கள். அடியில் தோல் வளர்ந்ததும் அதுவே விழும்.

மாவுத் தொழிலில் உங்களுக்கு ஆபத்து இரண்டு இடத்தில்: ஃப்ரிட்ஜும், மாவைக் கையால் கலப்பதும். புண் ஆறும் வரை மாவைக் கையால் கலக்கவே வேண்டாம். வாங்குபவர்களுக்கும் நல்லதல்ல, உப்பும் புளிப்பும் உங்கள் புண்ணுக்கும் நல்லதல்ல. கரண்டி போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்க வேறு யாராவது இருந்தால் நல்லது. இல்லையென்றால் உள்ளே தளர்வான பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. கிரைண்டர் கல்லைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவாதீர்கள். இன்னொன்று, கையை மட்டும் மூடினால் போதாது. அதிகாலையில் மார்பும் கழுத்தும் குளிர்ந்தாலே விரல்கள் சுருங்கிவிடும்; ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். வெளுத்த விரலை அடுப்பில் காட்டுவதோ கொதிக்கும் நீரில் வைப்பதோ கூடாது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். முழங்கையால் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், இல்லையா, அக்குளில் செருகிக்கொள்ளுங்கள்.

மாத்திரை இல்லாமல் இது அடங்காது. பொதுவாக முதலில் கொடுப்பது மெதுவாகக் கரையும் நிஃபெடிபைன். தலைவலி, கணுக்கால் வீக்கம், நெஞ்செரிச்சல் வரலாம். உங்களுக்கு உணவுக்குழாயும் பாதிக்கப்பட்டிருந்தால் நெஞ்செரிச்சல் கூடும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது போதாவிட்டால் சில்டெனாஃபில், ஆண்மைக் குறைவுக்குத் தரும் அதே மருந்துதான். மருந்துக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். விரல் ரத்தக்குழாயையும் அது விரிக்கிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். புண் திரும்பத் திரும்ப வந்தால் போசென்டான் என்ற மருந்து புதுப் புண்களைக் குறைக்கும். ஏற்கெனவே இருக்கும் புண்ணை அது சீக்கிரம் ஆற்றுவதில்லை, மாதந்தோறும் கல்லீரல் பரிசோதனையும் தேவை. இவற்றை ருமடாலஜிஸ்ட், அதாவது வாத நோய் நிபுணர்தான் எழுத வேண்டும். உங்களுக்கு இரண்டு புண், ஐந்து வாரம், தூங்க விடாத வலி. அடுத்த முறைக்குக் காத்திராமல் இந்த வாரமே போங்கள்.

போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஜலதோஷத்துக்கு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகள் பலவும், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் சில மருந்துகளும் இதே ரத்தக்குழாயைச் சுருக்கும். வீட்டில் யாராவது புகைத்தால் வெளியே போய்ப் புகைக்கச் சொல்லுங்கள். மூட்டுவலிக்கென்று கடையில் ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடவே கூடாது. ஸ்க்ளீரோடெர்மாவில் கூடுதல் அளவு ஸ்டீராய்டு சிறுநீரகத்தைத் திடீரென்று பாதிக்கும் நெருக்கடிக்கு வழிவிடலாம். ரத்த அழுத்தத்தை வாரம் ஒருமுறையாவது பார்த்து எழுதி வையுங்கள். வழக்கத்தைவிடத் திடீரென்று ஏறினால் அன்றே டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

புண் இருக்கிறதே என்று விரலை அசைக்காமல் வைத்தால் மூட்டு மடிந்தபடியே இறுகிவிடும். மேசை மேல் உள்ளங்கையைப் பதித்து, மறு கையால் விரல்களை மெல்ல அழுத்தித் தட்டையாக்குங்கள், பத்து எண்ணும் வரை. அப்புறம் கட்டைவிரலை மற்ற விரல்களிலிருந்து விலக்கி விரித்துப் பிடியுங்கள். காலையும் மாலையும் ஐந்து முறை. நுனியில் அழுத்தம் படக் கூடாது. மெழுகு ஒத்தடம் நல்லதுதான், ஆனால் புண் திறந்திருக்கும்போது வேண்டாம்.

சீழ், நாற்றம், விண்விண்ணென்று தெறிக்கும் வலி, நுனியிலிருந்து விரலின் பாதி வரை ஏறும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் எலும்பு வரை கிருமி போயிருக்கலாம். சூடேற்றியும் நிறம் திரும்பாமல் விரல் நீலமாகவோ கறுப்பாகவோ நின்றால் ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருக்கலாம். இரண்டுக்கும் ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சில நாட்கள் சேர்த்துவைத்து, ரத்தக்குழாயை விரிக்கும் மருந்தைச் சொட்டு சொட்டாக நரம்பில் ஏற்றி விரலைக் காப்பாற்ற முடியும், நேரத்தோடு வந்தால்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃபோனில் படம் எடுங்கள். தினமும் பார்ப்பவர்களுக்குப் புண் சிறுத்ததா பெருத்ததா தெரியாது, படத்தில் தெரியும். மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் துளியும் சுருங்கவில்லை என்றால் படங்களைக் காட்டி மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.