இருவர் பேசும் காட்சியில் லைன் கிராஸ்

கேள்வி: குறும்படத்தில் இருவர் பேசும் காட்சியை வெட்டி ஒட்டினால், ஒருவரையொருவர் பார்க்காமல் பேசுவதுபோல் தெரிகிறது. எங்கே தவறு?

உங்கள் கேமரா கோட்டைத் தாண்டியிருக்கும். பேசும் இருவரின் கண்களையும் இணைத்து ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டு, காட்சி முடியும்வரை கேமராவை அதன் ஒரே பக்கத்து அரைவட்டத்துக்குள் வைத்திருந்தால், ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் பார்ப்பது எல்லாக் குளோசப்பிலும் மாறாமல் இருக்கும்.

இதை நான் தனுஷ்கோடியில் பட்டுத்தான் கற்றேன். தை மாதம் ஒருநாள், மணலில் கவிழ்த்த வள்ளத்தின் அருகே அப்பாவும் மகனும் வலையைப் பழுதுபார்த்தபடி பேசும் காட்சியை எடுத்தோம். அப்பா ராமேசுவரத்துக்கும் மகன் அரிச்சல்முனைக்கும் முதுகு காட்டி எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். காலையில் மன்னார் வளைகுடா பின்னணியில் தெரியும்படி மாஸ்டர் ஷாட்டையும் அப்பாவின் குளோசப்பையும் எடுத்தபோது, மகன் பிரேமின் இடப்புறத்தில் இருந்து வலப்பக்கமும், அப்பா வலத்தில் இருந்து இடப்பக்கமும் பார்த்தார்கள். நண்பகலில் வெயில் தெற்கே நின்றதால் மகனின் முகம் இருண்டது என்று, அவனுடைய குளோசப்புக்கு மட்டும் கேமராவை மறுபக்கம் கொண்டுபோனேன். முகம் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் எடிட்டிங்கில் பார்த்தால் இருவரும் இடப்பக்கமே பார்த்தார்கள், யாரோ மூன்றாவது ஆளிடம் பேசுவதுபோல. போதாக்குறைக்கு, அப்பாவுக்குப் பின்னால் அமைதியாக இருந்த கடல் மகனுக்குப் பின்னால் கொந்தளித்தது. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் பெயர் அதற்குப் பொருந்துவதில்லை.

ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன். பார்வை சரியானது, ஆனால் சட்டைப்பை வலது மார்புக்குப் போனது, வள்ளத்தின் பதிவு எண் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறியது. வலை பின்னும் கைகளின் குளோசப்பை இடையில் வைத்ததும் பயன்படவில்லை. அத்தகைய ஷாட் வெட்டின் உறுத்தலை ஒரு நொடி மறைக்குமே தவிர, அதன்பின் புதிய பக்கத்திலிருந்து இருவரையும் சேர்த்துக் காட்டும் ஷாட் இல்லாவிட்டால் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது பார்ப்பவருக்குப் பிடிபடாது. அந்த ஷாட் என்னிடம் இல்லை.

மறுவாரம் போய் மகனின் குளோசப்பை முதல் பக்கத்திலிருந்தே, தெர்மாகோலால் முகத்தில் வெளிச்சம் திருப்பி எடுத்தோம். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், இம்முறை அப்பாவின் குளோசப் எடுத்த அதே காலை நேரத்தில் தொடங்கினோம். அப்பாவாக நடித்தவரை லென்ஸை ஒட்டி, மகனுக்கு இடக்கைப் பக்கமாக உட்காரவைத்து வசனம் சொல்லச் சொன்னேன். அவர் நின்றுகொண்டு சொல்லியிருந்தால் மகனின் பார்வை மேலே போயிருக்கும். டீ கிளாசில் எவ்வளவு மீதம், எந்தக் கையில் ஊசி என்பதைப் பழைய ஷாட்டைக் கைபேசியில் பார்த்துச் சரிசெய்தோம்.

கோட்டைத் தாண்டியே ஆகவேண்டும் என்றால், ஷாட் ஓடும்போதே கேமராவை நகர்த்துங்கள், அல்லது ஒருவரை எழுந்து மறுபக்கம் நடக்கவையுங்கள். கோடு மாறுவதைப் பார்ப்பவர் கண்ணால் கண்டுவிட்டால், அடுத்த வெட்டு உறுத்தாது.