சாலை மறியல் ஏன் நடுப்பகுதியைத் தாங்கவில்லை

கேள்வி: என் திரைக்கதை 118 பக்கம். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கேட் கிளார்க் வேலை பார்க்கும் செல்வி, ஊர்க் கிணறுகளைக் கெடுக்கும் கழிவுநீரை ராத்திரியில் ஓடையில் கொட்டுவது யார் என்று தேடுகிறாள். 60ஆம் பக்கத்தில் சாலை மறியல், தடியடி, இடைவேளை. படித்தவர்கள் எல்லாரும் 62லிருந்து 90 வரை லேக் அடிக்கிறது என்கிறார்கள். இரண்டு சண்டை சேர்த்துப் பார்த்தும் சரியாகவில்லை. எங்கே தப்பு?

பதில்:

தப்பு 62ஆம் பக்கத்தில் இல்லை, 60ஆம் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஒன்லைன் ஆர்டரை எடுத்து, 30ஆம் பக்கத்தில் பார்ப்பவன் மனசில் என்ன கேள்வி ஓடும் என்று ஒரு வரி எழுதுங்கள். "கொட்டுவது யார், செல்வி பிடிப்பாளா?" என்று வரும். 65ஆம் பக்கத்துக்கும் அதே மாதிரி எழுதுங்கள். அங்கேயும் இதே வரிதான் வரும். மறியல் நடந்தது, மண்டை உடைந்தது, ஆனால் கேள்வி நகரவில்லை. அதனால்தான் அதற்குப் பிறகு வரும் மனு, மிரட்டல், மனு, மிரட்டல் எல்லாம் முதல் பாதியில் பார்த்ததாகவே தெரிகிறது. அதே கேள்விக்கு நடுவில் எத்தனை சண்டை வைத்தாலும் சத்தம்தான் கூடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. 62 முதல் 90 வரை உள்ள சீன்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, நடுவில் இரண்டை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் கதை உடையவில்லை என்றால் அந்தச் சீன்கள் ஒன்றை ஒன்று பெறவில்லை, வரிசையில் நின்றுகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். நீங்கள் விவரித்த அமைப்பில், கலெக்டர் ஆபீஸ் சீனும் ரௌடி வீட்டுக்கு வரும் சீனும் தாராளமாக இடம் மாறும்.

சரி, நடுப்புள்ளியை எங்கே தேடுவது? உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே கிடக்கிறது: செல்வி கேட் கிளார்க். தொழிற்சாலையை விட்டு எந்த வண்டி வெளியே போனாலும் பாஸில் அவள் கையெழுத்து வேண்டும். நீங்கள் அதை வெறும் உத்தியோகமாக மட்டும் வைத்திருக்கிறீர்கள். கொட்டுகிற டேங்கர்கள் அவள் கையெழுத்தில்தான் போகின்றன என்று அவளே கண்டுபிடித்தால் கேள்வி தலைகீழாகும். "பிடிப்பாளா" என்பது போய், "பிடித்தால் முதலில் மாட்டுவது தானே என்று தெரிந்தும் பிடிப்பாளா" என்று ஆகும். (டேங்கர் டிரைவர் அவள் தம்பி என்று வைக்கலாமே என்று உடனே தோன்றும். வேண்டாம். பார்ப்பவனுக்கும் அதுதான் உடனே தோன்றும். தவிர, அதில் தப்பு தம்பியுடையது, அவளுடையது இல்லை.)

இந்தக் கண்டுபிடிப்பை யாரும் அவளிடம் வந்து சொல்லக் கூடாது. பயந்த வாட்ச்மேன் இருட்டில் நின்று உண்மையைச் சொல்லும் சீன் நம் படங்களில் தேய்ந்துபோனது. அவள் வேலையில் இருந்தே அது வரவேண்டும். செல்வி பகல் ஷிஃப்ட். ராத்திரி வண்டிகளுக்கு யார் பாஸ் போடுவது? பல இடங்களில் நடக்கிற சோம்பேறித்தனம் ஒன்று உண்டு: சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பும்போதே பத்து பாஸில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவது. வண்டி எண், நேரம் எல்லாம் வாட்ச்மேன் நிரப்பிக்கொள்வார். அவர் நேரத்தைச் சரியாகத்தான் எழுதுவார், ஏனென்றால் டிரைவரின் படி அதை வைத்துத்தான் போடுகிறார்கள்.

இப்போது 56ஆம் பக்கம். முந்தின ராத்திரி ஓடைக்கரையில் ஒளிந்திருந்து, டேங்கர் கொட்டியதைப் பார்த்திருக்கிறாள். இருட்டில் நம்பர் தெரியவில்லை. மணி மட்டும் பார்த்து வைத்திருக்கிறாள், 1.15. காலையில் ரிஜிஸ்டரைத் திறக்கிறாள். ஒரு வண்டி 12.55க்கு வெளியே, 1.40க்கு உள்ளே. போகவேண்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையம் 18 கிலோமீட்டர் என்று கதையில் வைத்துக்கொள்ளுங்கள். போய், 12,000 லிட்டரை இறக்கி, முக்கால் மணி நேரத்தில் திரும்பவே முடியாது. வசனமே வேண்டாம். அவள் விரல் இரண்டு நேரத்தையும் தொட்டுவிட்டு, ஓரத்தில் உள்ள தன் கையெழுத்தில் வந்து நிற்கட்டும். பார்ப்பவன் தானே கழித்துப் பார்ப்பான். அந்தக் கழித்தலை அவனிடம் விட்டுவிட்டால் அவன் கதைக்குள் வந்துவிடுவான்.

இது வேலை செய்ய, முதல் பாதியில் விதைத்திருக்க வேண்டும். முன்கூட்டிக் கையெழுத்துப் போடும் பழக்கம் மூன்று தடவை வரட்டும்: 8, 21, 37ஆம் பக்கங்களில். மூன்றிலும் வேறொரு விஷயம் நடந்துகொண்டிருக்க, கை மட்டும் கையெழுத்துப் போடட்டும். முதல் தடவை வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். இரண்டாவது தடவை, கிணற்றுத் தண்ணீரில் பருப்பே வேகவில்லை என்று தோழி ஷமீமாவிடம் புலம்பிக்கொண்டே போடுகிறாள். அதுதான் நல்ல சீன்: எதைத் திட்டுகிறாளோ அதையே செய்துகொண்டிருக்கிறாள், அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. குளோசப் வைத்தால் கெட்டது. இயக்குநருக்கு அப்படி ஒரு ஷாட்டைப் பேப்பரிலேயே கொடுத்துவிடாதீர்கள்.

(கிணற்று நீர் நீலமாக மாறுவதாக எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். தோலை ஊறவைத்த தண்ணீரில் அதிகம் இருப்பது உப்பு. ஊர்க்காரர்கள் முதலில் கண்டுகொள்வதும் அதைத்தான்: வாயில் வைத்தால் கரிக்கும், சோப்பு நுரைக்காது, தென்னை ஓலை மஞ்சளாகும்.)

அடுத்தது, இடைவேளை கார்டு எங்கே விழுகிறது என்பது. கண்டுபிடிப்பிலேயே போட்டால் பார்ப்பவன் ஒரு தகவலோடு வெளியே போவான். அவள் ஏதாவது செய்துவிட்ட பிறகு போட்டால், ஒரு கவலையோடு போவான். 56இல் கண்டுபிடிக்கிறாள், 59இல் ரிஜிஸ்டரைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்துவிடுகிறாள். 61இல் பஸ்ஸில் போகும்போது மேனேஜர் போன்: "அந்த நோட்டு எங்கம்மா கீது?" அங்கே வெட்டுங்கள். மறியலைத் தூக்கிப்போட வேண்டாம். 45ஆம் பக்கத்துக்கு நகர்த்துங்கள். ஊரே அவளைத் தலைவியாக ஏற்றுக்கொள்ளும் இடமாக அது மாறும். பின்னால் விழுவதற்கு அந்த உயரம் வேண்டும்.

பணயத்தை ஏற்றுவது என்றால் ரௌடி எண்ணிக்கையைக் கூட்டுவது என்று பலரும் நினைக்கிறார்கள். 65ஆம் பக்கத்தில் கதாநாயகி சாகமாட்டாள் என்று டிக்கெட் வாங்கியவனுக்குத் தெரியும். அந்த மிரட்டலுக்கு அவன் பயப்பட மாட்டான். 65ஆம் பக்கத்தில் நிஜமாகவே போகக்கூடியது எது? வேலை, ஷமீமாவின் நட்பு, ஊர் கொடுத்த மரியாதை. இவைதான் பணயம். ரிஜிஸ்டரைக் கொடுத்தால் யூனிட்டுக்குச் சீல் விழும், பக்கத்து வீட்டு அடுப்புகள் அணையும், குற்றவாளிப் பட்டியலில் அவள் பெயரும் வரும். கொடுக்காவிட்டால் கிணறு போகும். இந்த மாவட்டத்துக்கு இது கற்பனை இழுபறி இல்லை. பாலாற்றுப் பக்கத் தோல் தொழிற்சாலைகள் பற்றி 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, தண்ணீரா வேலையா என்று ஒரே தெருவுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் வில்லனுக்கும் அந்த வாதத்தைக் கொடுங்கள், சுருட்டும் சிரிப்பும் வேண்டாம்.

இடைவேளைக்குப் பின் வரும் முதல் சீன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பாட்டோ, நடந்ததை மறுபடி சொல்லும் பேச்சோ வைத்தால் அரங்கம் ஆறிவிடும். நான் வைப்பது இது: மறுநாள், அதே மேஜை. நோட்டை வீட்டுக்குக் கணக்குப் பார்க்க எடுத்துப்போனேன் என்று சொல்லித் திருப்பி வைத்துவிட்டாள். அந்தப் பக்கங்களை மட்டும் போனில் படம் எடுத்திருக்கிறாள். சாயங்காலம் ஆறு மணி. வாட்ச்மேன் வழக்கம்போல வெற்றுப் பாஸ்களை நீட்டுகிறார். "இன்னாம்மா யோசன, போட்டுட்டுப் போ." போடாவிட்டால் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். போட்டால் இன்று ராத்திரி ஓடையில் கொட்டப்போவது தெரிந்தே போட்ட கையெழுத்து. அவள் போடுகிறாள். நேற்றுவரை அறியாமல் செய்தது, இன்று அறிந்து செய்கிறாள். ஒரு பைசா செலவில்லாமல் பணயம் ஏறிவிட்டது.

இதிலிருந்து அடுத்தது தானாகப் பிறக்கும். மேனேஜர் சந்தேகப்பட்டு மிரட்ட மாட்டான், சம்பளம் உயர்த்துவான். 68இல் அதை வாங்கிக்கொள்கிறாள், ஏனென்றால் வாங்காவிட்டால் மாட்டிக்கொள்வாள். 76இல் ஷமீமாவுக்கு உண்மை தெரிகிறது, அவள் கணவன் அந்த டேங்கர்களில் ஒன்றை ஓட்டுகிறான், "உன் நியாயத்துக்கு என் வீட்டுச் சோறா?" என்று கேட்கிறாள். கோபத்தில் அவளே ஊரில் சொல்லிவிட, 84இல் செல்வியைத் தூக்கிக் கொண்டாடிய அதே ஊர், பாஸில் கையெழுத்துப் போட்டவள் என்று முகம் திருப்புகிறது. 89இல் ரிஜிஸ்டர் எரிந்துவிடுகிறது, போனும் போய்விடுகிறது. இப்போது சீட்டுகளை இடம் மாற்றிப் பாருங்கள். 76ஐ 68க்கு முன்னால் வைக்க முடியாது.

எரிந்த பிறகு எப்படி மீள்வது? பாஸ் புத்தகத்தில் கார்பன் வைத்து மூன்று தாள்: வெள்ளை டிரைவருக்கு, ரோஸ் அக்கவுண்ட்ஸுக்கு, மஞ்சள் புத்தகத்திலேயே நிற்கும். தீர்ந்துபோன புத்தகங்களை மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதை 21ஆம் பக்கத்தில் ஒரு ஓரமாகக் காட்டிவிட்டால், 92இல் அவள் எங்கே ஓடுவாள் என்று பார்ப்பவன் ஒரு நொடி முன்னால் ஊகிப்பான்.

பழைய 62–90இல் ஏறக்குறைய பாதிச் சீன்கள் போய்விடும். கலெக்டர் ஆபீஸ் மூன்று தடவை வருவது ஒன்றாகட்டும். அந்த இரண்டு சண்டையும் வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: 30ஆம் பக்கத்துக்குள் செல்விக்கு என்ன வேண்டும் என்று படித்தவர்களால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை என்றால், இதில் எதுவும் உதவாது. அப்போது நோய் முதல் பாதியில் இருக்கிறது.

கிளைமாக்ஸும் மாறும். இப்போது அவள் மனு கொடுத்து ஜெயிக்கிறாள். இனி அவள் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மஞ்சள் தாள்களோடு நிற்கவேண்டும். (பேரணாம்பட்டு என்றால் வேலூர் கலெக்டர் சரி. கதையை ஆம்பூருக்கு மாற்றினால், 2019க்குப் பிறகு அது திருப்பத்தூர் மாவட்டம்.) "இது யார் கையெழுத்து?" என்று அதிகாரி கேட்பார். பின் வரிசையில் ஷமீமா உட்கார்ந்திருக்கட்டும். "என்னோடது சார்" என்பதற்கு மேல் செல்விக்கு வசனம் எழுதாதீர்கள்.