மொழிபெயர்ப்பு வேலை கேட்டு அனுப்பும் கடிதத்தில் மாதிரிகளை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பாளராக விண்ணப்பிக்கிறேன். சான்றிதழ் எதுவும் இல்லை. மாதிரிகளை மட்டும் வைத்துத் திறமையைக் காட்ட முடியுமா? எவ்வளவு, எப்படி அனுப்ப வேண்டும்?

பதில்:

முடியும். ஆனால் தமிழ்ப் பிரதியை மட்டும் அனுப்பினால் பயனில்லை. மூலம் பக்கத்தில் இல்லாவிட்டால், படிப்பவருக்கு உங்கள் தமிழ் நடைதான் தெரியும். மொழிபெயர்ப்பு சரியா என்று தெரியாது. இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணையில் இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் தமிழ் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் நேராக வையுங்கள்.

இரண்டு மாதிரிகள் போதும். ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் 250 சொற்கள் அளவில் இருக்கட்டும். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொல் எண்ணிக்கை குறையும். அதனால் அளவை மூலச் சொற்களில் குறிப்பிடுங்கள். மாதிரியின் துறையும் கேட்கும் வேலையின் துறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் மொழிபெயர்க்க ஆள் தேடுபவரிடம் கவிதை மாதிரி எடுபடாது.

உண்மையான சான்று மாதிரிக்குக் கீழே நீங்கள் எழுதும் மூன்று நான்கு வரிக் குறிப்பில்தான் இருக்கிறது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வாடகை ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடகைதாரர் வீட்டை உள்வாடகைக்கு விடுவது பற்றிய விதியில் ‘மே நாட்’ என்று வருகிறது. ‘மே’ என்றால் ‘லாம்’ என்று பழகிய கை, ‘உள்வாடகைக்கு விடாமல் இருக்கலாம்’ என்று எழுதிவிடும். தமிழ் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் தடை விருப்பமாக மாறிவிட்டது. ‘உள்வாடகைக்கு விடக் கூடாது’ என்பதே சரி. குறிப்பில் இப்படி எழுதலாம்: “இங்கே ‘மே நாட்’ தடையைக் குறிக்கிறது, அதனால் ‘கூடாது’ என்று எழுதினேன். 4ஆம் விதியில் தனியாக வரும் ‘மே’ உரிமையைத் தருவது, அங்கே ‘லாம்’. ‘ஷல்’ வரும் இடங்களில் ‘வேண்டும்’.” இந்த வரிகளைப் படிப்பவருக்கு நீங்கள் அகராதியைப் பார்த்து எழுதுபவர் அல்ல என்பது புரிந்துவிடும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியிலேயே மாதிரிக்கு வந்துவிடுங்கள்: “இணைப்பில் இரண்டு மாதிரிகள் உள்ளன. இரண்டும் நானே மொழிபெயர்த்தவை, வேறு யாரும் திருத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தை அந்தந்த மாதிரியின் மேலே குறித்திருக்கிறேன்.” திருத்தியவர் இருந்தால் மறைக்காதீர்கள். தேர்வுப் பிரதி கொடுத்து எழுதச் சொல்லும்போது தர வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

முந்தைய வாடிக்கையாளரின் ஆவணத்தை அவர் அனுமதி இல்லாமல் மாதிரியாக்காதீர்கள். பெயர்களை அழித்தாலும் தொகைகளும் தேதிகளும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். உங்களிடம் ஆவணத்தைத் தரப்போகிறவரும் அதைக் கவனிப்பார். பொதுவில் கிடைக்கும் படிவத்தையோ நீங்களே எழுதிய மாதிரி ஒப்பந்தத்தையோ எடுத்துப் புதிதாக மொழிபெயர்ப்பது பாதுகாப்பானது.

கோப்பை யூனிகோடில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் திறக்கும். அனுப்பும் முன் கைபேசியில் ஒருமுறை திறந்து, கொம்புகளும் புள்ளிகளும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.