குட்டைக்குள் கட்டடம் விழ மாட்டேன் என்கிறது!

கேள்வி: மழை விட்ட பிறகு வாசலில் தேங்கும் தண்ணீரில் எதிர்க் கட்டடம் கண்ணுக்கு அவ்வளவு அழகாகத் தெரிகிறது. போனில் எடுத்துப் பார்த்தால் கட்டடத்தின் ஒரு துண்டுதான் இருக்கிறது, மீதியெல்லாம் தரையும் சருகும். குட்டை ஒரு மீட்டர் நீளம்கூட இருக்காது. குட்டை சின்னது என்பதாலா, இல்லை என் போன்தான் சரியில்லையா?

பதில்: இரண்டும் இல்லை. போன் இருக்கும் உயரம்தான் காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டடம் 10 மீட்டர் உயரம், உங்களுக்கும் அதற்கும் இடையில் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றபடி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் போனைப் பிடிக்கிறீர்கள். அப்போது கட்டடத்தின் உச்சி, உங்களிடமிருந்து சுமார் 2.6 மீட்டர் தள்ளியுள்ள இடத்தில் பிரதிபலிக்கும். அடிப்பகுதி, அதாவது தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கும் சுவர், 15 மீட்டர் தள்ளிப் பிரதிபலிக்கும். முழுக் கட்டடமும் வேண்டுமென்றால் நடுவில் உள்ள 12 மீட்டரும் தண்ணீராக இருக்க வேண்டும். உங்கள் குட்டை எங்கே, 12 மீட்டர் எங்கே!

சரி, குனிந்து போனின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் ஓரத்தில் ஊன்றி எடுக்கிறீர்கள். லென்ஸ் போனின் மேல் முனையில் இருப்பதால் அது இன்னமும் 13 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இப்போதும் நான்கு மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் தேவை. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் "தரையோடு தரையாக வைத்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

போனைத் தலைகீழாகத் திருப்புங்கள். லென்ஸ் கீழே வந்துவிடும், தண்ணீருக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர்தான் இடைவெளி. இப்போது உச்சி லென்ஸிலிருந்து நான்கு சென்டிமீட்டரில் பிரதிபலிக்கிறது, சுவரின் அடி 80 சென்டிமீட்டருக்குள். உங்கள் குட்டையே போதும். குட்டையின் இந்தப் பக்க விளிம்பை லென்ஸ் தாண்டியிருக்க வேண்டும் என்பது முக்கியம். விளிம்புக்கு வெளியே ஒரு சாண் தள்ளி வைத்தால் உச்சி விழ வேண்டிய இடத்தில் தரைதான் இருக்கும். போனை நீளவாக்கில், முன்னோ பின்னோ சாய்க்காமல் நேராகப் பிடித்தால், சாதாரண 1x லென்ஸிலேயே நிஜக் கட்டடம் மேலே, பிம்பம் கீழே என்று இரண்டும் அடங்கிவிடும். படம் தலைகீழாகப் பதிவாகுமோ என்ற பயம் வேண்டாம், பெரும்பாலான போன்கள் தாமாகவே நிமிர்த்திவிடும்.

இந்த இரண்டு சென்டிமீட்டரில் ஒருமுறை என் கை நழுவி, போன் முழுக்க முங்கி எழுந்தது. பிழைத்துக்கொண்டது, ஆனால் இரண்டு நாளைக்கு லென்ஸுக்குள் ஆவி படிந்திருந்தது. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்ற பேச்சையெல்லாம் நம்பி நனைக்காதீர்கள். சுண்டுவிரலைத் தரையில் ஊன்றி, போனின் விளிம்பை அதன்மேல் தாங்கிக்கொண்டால் கை ஆடாது.

அடுத்த சிக்கல் சருகும் சேறும். தண்ணீர் நாம் நினைக்கிற அளவுக்குக் கண்ணாடி இல்லை. நேர் மேலிருந்து பார்த்தால் விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. மேலே சொன்ன கட்டடத்தின் உச்சி, தண்ணீரில் ஏறக்குறைய 26 டிகிரி சாய்வில் படுகிறது. அந்தச் சாய்விலும் பத்தில் ஒரு பங்கு ஒளிகூடத் திரும்பாது. மீதி உள்ளே போய் அடித்தரையில் விழுகிறது. அந்தத் தரையில் வெயிலும் அடித்தால் தரையின் வெளிச்சம் பிம்பத்தை அமுக்கிவிடும். கண் இரண்டையும் பிரித்துக்கொண்டு கட்டடத்தை மட்டும் பார்க்கும், கேமராவுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது.

அதனால் கட்டடத்தில் வெயில், குட்டையில் நிழல் என்ற நேரத்தைத் தேடுங்கள். காலையிலோ மாலையிலோ சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் தாழ்ந்திருக்கும்போது உங்கள் நிழலே அந்தச் சின்னக் குட்டையை மூடிவிடும். நான் பல தடவை முதுகை வளைத்து, என் நிழலைக் குடை மாதிரி பயன்படுத்தியிருக்கிறேன். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், இருக்கட்டும். தார்ச்சாலை போன்ற கறுத்த அடித்தரை இருந்தால் வேலை இன்னும் சுலபம். கலங்கிய செம்மண் தண்ணீர் என்றால் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். மிதக்கும் மண்ணே ஒளியைச் சிதறடிப்பதால் அதில் என்ன செய்தாலும் பிம்பம் வெளுத்துத்தான் வரும்.

அப்புறம் ஃபோகஸ். பிம்பம் தண்ணீரின் மேல்பரப்பில் ஒட்டியிருப்பதாகத் தோன்றும். லென்ஸைப் பொறுத்தவரை அது கட்டடம் இருக்கும் அதே தூரத்தில் இருக்கிறது. போனை அதன் போக்கில் விட்டால் பக்கத்தில் இருக்கும் சருகைத்தான் பிடித்துக்கொள்ளும். திரையில் கட்டடத்தின் ஜன்னல் போல அழுத்தமான கோடு இருக்கும் இடத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் சற்று அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். சில போன்கள் இவ்வளவு அருகில் எதையாவது பார்த்தாலே, மிக அருகில் உள்ளதைப் படமெடுக்கும் மேக்ரோ முறைக்குத் தாவிவிடும். திரையில் சின்னப் பூ அடையாளம் வந்தால் அதைத் தொட்டு அணைத்துவிடுங்கள். பூட்டிய பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பிம்பம் எப்போதும் நிஜத்தைவிட மங்கல்தான். அதற்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டினால் மேலே வானம் வெள்ளைக் காகிதமாகிவிடும்.

ஒரு பரிசோதனை: எடுத்த படத்தில் பிம்பத்தின் ஜன்னல் கம்பியைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிம்பம் மங்கி, முன்னால் உள்ள சருகு மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. சருகு மங்கலாக இருந்து, கம்பி மட்டும் செங்குத்தாக இழுபட்டு நெளிந்தால் ஃபோகஸில் குறையில்லை, காற்று அலைத்திருக்கிறது. காற்று ஓயும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து நாலைந்து படம் தொடர்ந்து எடுங்கள்.

குளம், ஏரியிலும் இதே கதைதான், அங்கே தண்ணீர் தாராளமாக இருப்பதால் தலைகீழ் வித்தை அவசியமில்லை. ஆனாலும் தாழ்வாகப் பிடிப்பதில் ஒரு லாபம் உண்டு. பிம்பம் என்பது, போன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ தண்ணீருக்குக் கீழே அதே அளவு ஆழத்தில் ஒரு கேமரா இருந்து அண்ணாந்து பார்ப்பதற்குச் சமம். உயரத்திலிருந்து எடுத்தால் பிம்பத்தில் பால்கனியின் அடிப்பாகம் தெரியும், நிஜத்தில் மேல்பாகம் தெரியும், இரண்டும் ஒத்துப்போகாது. தாழ இறங்க இறங்கத்தான் மேலும் கீழும் ஒன்றுபோல ஆகும்.

கடை ஜன்னல் கண்ணாடியிலும் நிழல் விதி அப்படியே பொருந்தும். உள்ளே விளக்கு எரிந்தால் பிம்பம் கரைந்துவிடும், உள்ளே இருட்டாக இருந்தால் தெளியும். இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னலில் உருவம் இரண்டு இரண்டாக விழும், வேறு ஜன்னலைப் பாருங்கள்.

கடைசியாக என் சொந்த ருசி. மேல் பாதி, கீழ் பாதி என்று சமமாக வெட்டிய படங்கள் எனக்குச் சலித்துவிட்டன. நிஜக் கட்டடத்தை முழுக்க ஒதுக்கி, பிம்பத்தை மட்டும் எடுத்து, படத்தை 180 டிகிரி திருப்பிப் பாருங்கள். குட்டையின் விளிம்பையும் ஒரு சருகையும் வெட்டாமல் விடுங்கள். நிமிர்ந்து நிற்கும் கட்டடத்தின் வானத்தில் அந்தச் சருகு மிதக்கும்.