பிவட் டேபிளில் குறையும் மொத்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கோளாற்றைப் பற்றியவை என்பதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

காரைக்குடியில் பலகாரக் கடை நடத்தும் வாசகர்: தீபாவளி ஆர்டர்களை ஊர்வாரியாகப் பிவட் டேபிளில் கூட்டினேன். பள்ளத்தூருக்கு 3,650 ரூபாய் என்று காட்டுகிறது. பில் புத்தகத்தைக் கையால் கூட்டினால் 7,400 வருகிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். எக்செல் ஏன் தவறாகக் கூட்டுகிறது?

எக்செல் தவறாகக் கூட்டவில்லை. நீங்கள் கொடுத்தவற்றில் சிலவற்றை அது எண்ணாகவே ஏற்கவில்லை.

முதலில் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எத்தனை முறை எழுதியும் இது நின்றபாடில்லை. பிவட் டேபிளின் படத்தை மட்டும் அனுப்பிக் காரணம் கேட்பது, ஐந்தொகையின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டுப் பேரேட்டில் எந்த வரி பிசகியது என்று கேட்பதைப் போன்றது. ஒரு செல்லில் இருப்பது எண்ணா, எண்ணைப் போலத் தோன்றும் எழுத்தா என்பது மூலத் தரவில்தான் தெரியும். பிவட் டேபிளுக்குள் வரும்போது அந்த அடையாளம் மறைந்து, கூட்டிய விடை மட்டுமே மிஞ்சுகிறது. தலைப்பில் `Sum of` என்றிருக்கிறதா, `Count of` என்றிருக்கிறதா என்றாவது படத்தில் பார்க்கலாம் என்றால், நீங்கள் அதையும் அழித்து 'விற்பனை' என்று பெயர் மாற்றியிருக்கிறீர்கள். படம் வேண்டாம், கோப்பை அனுப்புங்கள் என்று இரண்டு முறை கேட்ட பிறகே பள்ளத்தூரின் ஆறு வரிகள் கைக்கு வந்தன.

அந்த ஆறு தொகைகள் 1200, 850, 1,500, 640, 2,250, 960. கண்ணுக்கு எல்லாமே எண்கள்தாம். ஆனால் 1,500 இருந்த செல்லை யாரோ முன்பே `Text` என்று வடிவமைத்திருந்தார்கள். எண் இடப்பக்கம் ஒட்டி நின்றது, செல்லின் மூலையில் சிறு பச்சை முக்கோணமும் இருந்தது. 2,250 வேறு எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டப்பட்டது. அதன் வாலில், கண்ணுக்குத் தெரியாத, பிரியாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதனால் எக்செல் அதை எண்ணாகப் படிக்கக்கூடியது என்றே கருதவில்லை. பச்சை முக்கோணமும் தோன்றவில்லை. பிவட் டேபிளின் `Sum` எழுத்தைப் பூஜ்யமாகக் கொள்ளும். எச்சரிக்கை எதுவும் தராது. ஆகவே மற்ற நான்கும் சேர்ந்து 3,650 ஆயின. விடுபட்ட 3,750 இந்த இரண்டு செல்களில்தான் கிடந்தது.

அறுநூறு எழுநூறு வரிகளில் கண்ணால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தொகை என்ற புலத்தையே `Values` பகுதிக்குள் மேலும் இரண்டு முறை இழுத்துப் போட்டு, ஒன்றை `Count` என்றும் மற்றொன்றை `Count Numbers` என்றும் மாற்றுங்கள். முன்னது நிரம்பிய செல்கள் அனைத்தையும் எண்ணும்; பின்னது எண்களை மட்டும் எண்ணும். பள்ளத்தூருக்கு 6, 4 என்று வந்தது. இரண்டும் எந்த ஊரில் வேறுபடுகின்றனவோ, அந்த ஊரின் மொத்தத்தின் மீது இருமுறை சொடுக்கினால் அதற்குரிய வரிகள் மட்டும் புதிய தாளில் விரியும். மூலத் தாளிலேயே சோதிக்க விரும்பினால், தொகை D நெடுவரிசையில் இருக்கும்போது இது போதும்; விடை பூஜ்யமாக இருக்க வேண்டும்:

```
=COUNTA(D2:D700)-COUNT(D2:D700)
```

சரிசெய்வதும் இருவகைப்படும். 1,500 போன்றவற்றுக்கு, தொகை நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, `Data` பட்டியிலுள்ள `Text to Columns` திறந்து, எதையும் மாற்றாமல் `Finish` அழுத்தினால் எண்ணாகிவிடும். 2,250 அதற்கு மசியாது. `TRIM` செய்தாலும் மசியாது; அது சாதாரண இடைவெளியை மட்டுமே நீக்கும். பக்கத்து நெடுவரிசையில் இதை எழுதி, கீழ்வரை இழுத்து, வந்த விடைகளை மதிப்புகளாகப் பழைய இடத்தில் ஒட்டுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(D2,CHAR(160),""))
```

அதன் பின் `Refresh` அழுத்த வேண்டும். பிவட் டேபிள் மூலத் தாளை நேராகப் பார்ப்பதில்லை, முன்பு எடுத்துவைத்த பிரதியைத்தான் பார்க்கிறது. இதை மறந்துவிட்டு 'சரிசெய்தும் மாறவில்லை' என்று அடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்ப வேண்டாம்.

தேவகோட்டை வாசகர்: நெடுவரிசை முழுவதையும் `Number` என்று மாற்றிவிட்டேன். மொத்தம் அப்படியே இருக்கிறது.

வடிவத்தை மாற்றினால் உள்ளே கிடக்கும் எழுத்து எண்ணாகாது. இனிமேல் நீங்கள் உள்ளிடுபவைதான் எண்ணாகும். ஏற்கெனவே இருப்பவற்றுக்கு மேலே சொன்ன `Text to Columns` வழிதான். பிறகு `Refresh`.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையிலிருந்து: பிவட் டேபிளில் 101 என்ற டிசைன் எண் இரண்டு வரிகளாக வருகிறது. இரண்டிலும் வெவ்வேறு சதுர அடி.

ஒரு 101 எண், மற்றொரு 101 எழுத்து. எக்செலுக்கு அவை இரு வேறு டிசைன்கள். பெரும்பாலும் எழுத்தாக இருப்பது எண்களெல்லாம் முடிந்த பிறகு பட்டியலின் கடைசியில் போய் நிற்கும். இரண்டையும் ஒரே வகையாக்குங்கள்.

கோட்டையூர் வாசகர்: தங்கை கல்யாண மொய்க் கணக்கைப் பிவட் டேபிளில் போட்டேன். மொத்தம் 212 என்கிறது. `Sum` என்று மாற்றினால் பூஜ்யம். ஒவ்வொரு தொகையையும் ஒழுங்காக 501/-, 1001/- என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அந்த ஒழுங்குதான் இங்கே வினை. ரசீதில் வழக்கமாகப் போடும் அந்தச் சாய்கோட்டையும் சிறுகோட்டையும் செல்லுக்குள் எழுதினால், தொகை முழுவதும் எழுத்தாகிவிடும். எழுத்து கலந்த புலத்தை `Values` பகுதியில் போட்டால், எக்செல் தானாகவே `Count` என்பதைத் தேர்ந்துகொள்ளும். 212 என்பது ரூபாயன்று, மொய் எழுதியவர்களின் எண்ணிக்கை. இதையும் படத்தில் கண்டு ரூபாய் என்று எண்ணிக்கொண்டீர்களே என்பதுதான் என் வருத்தம். தலைப்பில் `Count of தொகை` என்று தெளிவாகவே இருந்தது.

`Ctrl+H` அழுத்தி, `/-` என்பதைத் தேடி, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு அனைத்தையும் மாற்றுங்கள். தொகை நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு செய்யுங்கள், இல்லையேல் முகவரியிலும் கைவைத்துவிடும். பிறகு `Refresh`. அப்போதும் `Count` தானாக மாறாது. `Sum` என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும். பார்வைக்கு அந்தக் கோடுகள் வேண்டுமென்றால், 501 என்று மட்டும் உள்ளிட்டு, `Format Cells` பெட்டியின் `Custom` பகுதியில் இதைக் கொடுங்கள். திரையில் கோடு தெரியும், உள்ளே எண் எண்ணாகவே இருக்கும்.

```
#,##0"/-"
```

கானாடுகாத்தான் வாசகர்: தேதிகளை மாதவாரியாகத் தொகுக்க முயன்றால் `Cannot group that selection` என்கிறது.

தேதிகளிலும் அதே நோய்தான். சில எழுத்தாகக் கிடக்கின்றன. தேதி நெடுவரிசைக்கு `Text to Columns` செய்யும்போது மட்டும் நேராக `Finish` அழுத்தாமல், மூன்றாம் படி வரை சென்று `DMY` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் நாளும் மாதமும் இடம் மாறக்கூடும்.

புதுவயல் வாசகர்: `=D2+D3` என்றால் சரியாக வருகிறது. `SUM` போட்டால் குறைகிறது. எது உண்மை?

முன்னது. `+` குறி எழுத்தையும் முடிந்தால் எண்ணாக்கிக்கொண்டு கூட்டும். `SUM` செல்களில் உள்ள எழுத்தைத் தாண்டிப் போகும், பிவட் டேபிளும் அப்படியே.

அதே வாசகர்: அப்படியானால் தாளில் எழுத்தாக உள்ள அனைத்தையும் எண்ணாக்கிவிடலாமா?

கூடாது. கூட்டப்போகும் நெடுவரிசையை மட்டும் மாற்றுங்கள். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை மாற்றினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், திரும்ப எழுத்தாக்கினாலும் பழைய இலக்கம் வராது.